நெல்லைப் பக்கம் ஒரு படநோட்டோடு

வெள்ளி, இரவு

அக்கா வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை, குற்றாலம், நவதிருப்பதி ஒன்பதும், திருச்செந்தூர், இதுபோக நேரம் இருந்தால் கன்னியாகுமரி. ஒரு கார் பிடித்து விடிகாலையில் கிளம்பினால் எல்லாம் முடியும்தான். சொந்தக்காரர்கள் பலரும் அப்படி முடித்தவர்கள்தான், ஆனால் எந்தக் கோயிலில் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் போனைத் திறந்து தேதியைத் தேடித்தான் சொல்கிறார்கள். இந்தத் தடவை நானும் அக்கா மகளும் மட்டும் போகிறோம், ஒரு நாளைக்கு ஒரு இடம், அந்த இடத்தில் நோட்டில் ஒரு பக்கம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

சாமான் அதிகமில்லை. கையகல நோட்டு ஆளுக்கு ஒன்று, 2பி பென்சில், கறுப்புப் பேனா, சின்ன வர்ணப் பெட்டி, உள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் பிரஷ். நோட்டு வாங்கும்போது அட்டைப் படத்தைப் பார்க்காமல் தாளின் கனத்தைப் பார்க்க வேண்டும். நூறு, நூற்றிருபது ஜிஎஸ்எம் தாளில் பென்சிலும் பேனாவும் சரியாக ஓடும், தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பிவிடும். 200-க்கு மேலே இருந்தால் லேசாகச் சாயம் பூசுவதைத் தாங்கும், 300 என்றால் நன்றாகவே தாங்கும், ஆனால் பக்கங்கள் குறைவு, விலையும் கூடுதல். பேனாவுக்கு ஒரு சோதனை உண்டு: நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, இரண்டு நிமிடம் விட்டு, ஈர விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். கோடு கரைந்து ஓடினால் அந்தப் பேனா எழுத்துக்கு மட்டும்தான். பள்ளிக்கூடத்து இங்க் பேனாக்கள் பெரும்பாலும் ஓடிவிடும்.

பக்கத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் மட்டும் நான் கறார். மேலே இடம், நேரம், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒரு வரி. நடுவில் படம். வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, அது சொற்களுக்கு: சத்தம், வாசனை, யாராவது பேசியது, நிறத்தைப் பற்றிய குறிப்பு. அடியில் ஒரு வரி காலி. வரையும்போது 'இது ஏன் இப்படி இருக்கிறது' என்று எது தோன்றினாலும் அங்கே கேள்விக்குறியோடு எழுத வேண்டும். படம் கோணலாக வந்தால் பரவாயில்லை. ஆனால் கேள்வி ஒன்றுகூட இல்லை என்றால் அந்தப் பக்கம் அவசரத்தில் முடிந்தது என்று அர்த்தம்.

சாயங்காலம் டவுணுக்குப் போனோம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருட்டுக்கடைக்கு முன்னால் கூட்டம். அல்வா வாங்க நின்றால் வரைய முடியாது, வரைந்தால் வாங்க முடியாது. அதனால் எதிர்ப்பக்கம் ஒரு படியில் ஏறி நின்றுகொண்டு அக்கா மகளை வரிசைக்கு அனுப்பினேன். கூட்டத்தை வரைவது கஷ்டம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், அதில் ஒரு சூட்சுமம்தான் இருக்கிறது. சமதளத்தில் நின்று பார்க்கும்போது, நம்ம உயரமே உள்ளவர்களின் கண்கள், பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும், ஒரே கோட்டில்தான் வரும். கால்கள்தான் மேலும் கீழுமாக மாறும். தூரத்தில் நிற்பவரைக் கீழே சின்னதாக வரைந்தால் பள்ளத்தில் நிற்பது மாதிரித் தெரியும். நான் படியில் ஏறி நின்றதால் எல்லாத் தலையும் என் கண் மட்டத்துக்குக் கீழே போய்விட்டன, தூரத்துத் தலைகள் மேலே ஏறி அந்தக் கோட்டை நெருங்கின. தரையில் இறங்கி இன்னொரு தடவை வரைந்தேன். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கிறது, தெரு வேறு வேறு தெரு மாதிரி.

அவள் அல்வாவோடு வந்தாள். வாழையிலைத் துண்டில் வைத்து நெய் சொட்டச் சொட்ட. நோட்டிலும் ஒரு சொட்டு விழுந்து அடுத்த இரண்டு தாளுக்கும் இறங்கிவிட்டது. அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு நேரம் எழுதிவைத்தேன்.

சனி, மதியம்

குறுக்குத்துறை. டவுணிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். காலை ஏழு மணிக்கே படித்துறையில் குளிப்பவர்கள், துவைப்பவர்கள், கரையில் வரிசையாகப் பழைய கல்மண்டபங்கள், ஆற்றுக்குள்ளே பாறை மேல் முருகன் கோயில். தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் கோயில் முழுகும் என்பது ஊரறிந்தது. 2023 டிசம்பர் மழையில் தண்ணீர் அதை மூழ்கடித்த காட்சியை டிவியில் பார்த்திருக்கிறோம்.

இந்த மாதிரி இடத்தில் முதலில் என்ன செய்யத் தோன்றும்? கோபுரத்தைப் பெரிதாக நடுவில் போட்டு, கீழே நாலு அலைக்கோடு. அக்கா மகள் அதைத்தான் செய்தாள், பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு "சித்தி, ஆச்சு" என்றாள். அது தப்பில்லை, ஆனால் அது அவள் மனதில் ஏற்கனவே இருந்த கோயில். இங்கே வராமலே அதை வரைந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வரைபவரின் தலையைக் கவனிக்க வேண்டும். தாளை ஒரு நிமிடம் பார்த்து, எதிரே ஒரு நொடி நிமிர்ந்தால் மனப்பாடத்திலிருந்து வரைகிறார். எதிரே பார்ப்பது கூடுதலாகவும் தாளைப் பார்ப்பது குறைவாகவும் இருந்தால்தான் கண் வேலை செய்கிறது. இன்னொரு அடையாளம், படத்தில் எல்லாத் தூணும் ஒரே மாதிரி, எல்லா மரமும் ஒரே மாதிரி வந்திருக்கும்.

அதனால் இரண்டாவது பக்கத்தில் அளந்து வரையச் சொன்னேன். கையை முழங்கை மடங்காமல் நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் நுனியை மண்டபத்தின் உச்சிக்கு வைத்து, அடிப்பகுதி வரும் இடத்தில் கட்டைவிரலை நகர்த்தி நிறுத்த வேண்டும். அதுதான் ஒரு அளவு. அந்தக் கட்டைவிரலை அசைக்காமல் பென்சிலைப் படுக்கப் போட்டு, கோயிலின் அகலம் அந்த அளவுக்கு எத்தனை பங்கு என்று எண்ண வேண்டும். முழங்கை மடங்கினால் பென்சில் கண்ணுக்குக் கிட்டே வந்து அளவு மாறிவிடும், அதுதான் எல்லாரும் சறுக்கும் இடம். உயரத்துக்கு மூன்றரைப் பங்குக்கு மேலே அகலம் வந்தது. அவளுடைய முதல் படத்தில் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். கோயில் உண்மையில் தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துக் கிடக்கிறது, நிமிர்ந்தே நிற்கவில்லை. அதை அளக்கும் வரை இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நாங்கள் கையை நீட்டிக்கொண்டு ஒற்றைக்கண்ணால் பார்ப்பதைத் துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கவனித்திருக்கிறார்.

"என்ன தாயி, கோயிலை அளக்கியளோ? கவர்மெண்டுல இருந்து வந்திருக்கியளா?"

"இல்லம்மா, படம் வரையுதோம்."

"அப்படியா. நான் பாலம் எதுவும் போடப் போறாவளோன்னு நெனச்சேன்."

அளந்த பிறகு வெளிக்கோடு. தண்ணீர் மட்டத்தில் மதில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோட்டைப் பின்தொடர்ந்து போகும்போது ஒரு இடத்தில் என் பென்சில் நின்றுவிட்டது. சதுரமான மதில் என்றால் மூலை இங்கே வந்து திரும்ப வேண்டும், அது திரும்பவில்லை. தண்ணீர் வரும் பக்கத்தில் மதில் குறுகிக்கொண்டே போய்க் கூராக முடிகிறது. நிழலா, பாறையா என்று சந்தேகப்பட்டு இடம் மாறிப் போய்ப் பார்த்தோம். இல்லை, கட்டியதே அப்படித்தான். அடியில் 'இந்த மூலை ஏன் கூர்?' என்று எழுதினேன். மண்டபத்தில் துண்டை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நோட்டைக் காட்டியதும் அவர் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது படகு மூக்குல்லா. வெள்ளம் நேரா வந்து மோதாம ரெண்டா பிரிஞ்சு போவட்டும்னு கட்டி வச்சிருக்காவ. இல்லேன்னா என்னைக்கோ அடிச்சிட்டுப் போயிருக்கும்."

வெள்ளம் வரும் என்று தெரிந்ததும் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்றும், திருச்செந்தூர் மூலவர் சிலைக்குக் கல் இங்கேயிருந்து போனதுதான் என்றும் சொன்னார். கடைசியில் சொன்னது ஐதீகம், ஊரில் எல்லாரும் சொல்வது. ஆனால் அந்தக் கூர் மதில் கண் முன்னால் இருப்பது. நான் இதற்கு முன்னாலும் இங்கே வந்து சாமி கும்பிட்டிருக்கிறேன், போட்டோவும் எடுத்திருக்கிறேன். திரும்பி வந்து பழைய போட்டோக்களைத் தேடிப் பார்த்தேன், ஒன்றில் அந்த மூக்கு தெளிவாகவே விழுந்திருக்கிறது.

நிழலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சூரியன் ஒரு மணி நேரத்தில் வானத்தில் 15 பாகை நகர்கிறது, எனவே வரைய ஆரம்பித்தபோது இருந்த நிழல் முடிக்கும்போது இருக்காது. இடதுபக்கம் ஏழு மணி நிழலும் வலதுபக்கம் எட்டு மணி நிழலுமாகக் கலந்துவிட்டால் படம் ஏதோ சரியில்லை என்று தெரியும், எது என்று மட்டும் தெரியாது. அளவு முடிந்ததும் முதல் வேலையாக நிழல்களின் ஓரத்தை மட்டும் மெல்லிய கோடாகப் போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதிவிட வேண்டும். அப்புறம் வெயில் எங்கே போனாலும் அந்தக் கோட்டை மாற்றக் கூடாது. கை அரிக்கும், ஆனாலும் மாற்றக் கூடாது.

எட்டரைக்கு வெயில் ஏறியது, எழுந்துவிட்டோம். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. அந்த நேரத்தில் கார்க்காரர்கள் இரண்டு கோயில் முடித்திருப்பார்கள்.

ஞாயிறு

சேரன்மகாதேவியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, நாள் பேச்சிலும் சாப்பாட்டிலும் போய்விட்டது. சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பாலும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்குமாக, கூடவே இஞ்சித் துவையல். அதற்கு மேல் யாருக்கு வரைய வரும்.

பஸ்ஸில் போகும்போது மட்டும் நிறக் குறிப்பு எடுத்தேன். ஓடுகிற பஸ்ஸில் கோடு வராது, சொல் வரும். பிசான நெல் இப்போது கதிர் வாங்கும் நேரம், இரண்டு பக்கமும் வயல். 'பச்சை' என்று எழுதினால் ஒன்றும் ஞாபகம் வராது, அதனால் பச்சை என்ற சொல்லையே எழுதக் கூடாது என்று எனக்கு நானே வைத்திருக்கிற சட்டம். என் பட்டையில் இருப்பது: 'வெயிலுக்கு எதிரே பார்த்தால் இலை மஞ்சளாக எரிகிறது. வெயிலை முதுகில் வைத்துப் பார்த்தால் அதே வயல் நீலம் கலந்து மங்கல். கதிர் நுனி பழைய சாக்கு நிறம். அடித்தண்டு இருட்டு.' முதல் இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. எதிரே பார்க்கும்போது ஒளி இலைக்குள் புகுந்து இந்தப் பக்கம் வருகிறது. மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது இலையின் வழவழப்பில் வானம் பட்டுத் திரும்புகிறது.

ராத்திரி பெட்டியைத் திறந்து கலந்து பார்த்தேன். பெட்டியில் பச்சை என்று இருக்கிற கட்டி எந்த வயலுக்கும் ஒத்துவராது, பிளாஸ்டிக் வாளி நிறம் அது. எலுமிச்சை மஞ்சளில் கொஞ்சமாக அல்ட்ராமரைன் நீலத்தைச் சேர்த்தால் எரிகிற பச்சை கிடைத்தது. நீலத்தைக் கூட்டி, பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பை நுனி பிரஷ்ஷில் தொட்டால் மங்கல் பச்சை. அந்தச் செம்பழுப்பையும் நீலத்தையும் மட்டும் கலந்தால் கல்மண்டபத்துச் சாம்பல். இருட்டுக்குக் கறுப்பைச் சேர்ப்பதைவிட அது உயிரோடு இருக்கும். பகலில் சொல்லாக எழுதிவைத்ததால் ராத்திரி ட்யூப்லைட்டில் கலந்தும் அடையாளம் தெரிந்தது. போட்டோவைப் பார்த்துக் கலந்திருந்தால் போன் காட்டும் பச்சைதான் வந்திருக்கும், அது எல்லா வயலையும் ஒரே பச்சையாக்கிக் காட்டும்.

வழியில் பத்தமடை வந்தது. பாய் நெய்வதைப் பார்க்க இறங்க வேண்டும் என்று ஆசைதான், ஞாயிறு என்பதால் இன்னொரு நாளைக்கு விட்டாயிற்று.

திங்கள், இரவு

கூந்தன்குளம். மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனோம். 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே பறவைகளை ஊர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. குளத்தில் மட்டும் இல்லை, தெருவிலுள்ள மரங்களிலும் வீட்டுக் கொல்லையிலும் கூடு. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. குளத்து வண்டலோடு பறவை எச்சமும் சேர்ந்து வயலுக்கு உரமாகப் போகிறது.

பறவைகளை வரைவது கோயில் மாதிரி இல்லை, அது நிற்காது. முதல் அரை மணி நேரம் அக்கா மகள் எரிச்சலாகிவிட்டாள். ஒரு நாரை தலையைத் திருப்பியதும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறாள், அது மறுபடி திரும்புகிறது, மறுபடி அழிக்கிறாள். ரப்பரை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். ஓடுகிற உயிரை வரைய ஒரே வழி, ஒரே பக்கத்தில் ஐந்தாறு அரைகுறைப் படங்களை ஒரே சமயத்தில் நடத்துவதுதான். நாரை கழுத்தை மடக்கி நிற்கிறது என்றால் முதுகு, கழுத்து, அலகு என்று மூன்று கோடு. அது குனிந்துவிட்டதா, அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு பக்கத்தில் குனிந்த நாரைக்கு மூன்று கோடு. பறவைகள் ஐந்தாறு நிலைகளுக்குள்ளேயேதான் சுற்றிச் சுற்றி வரும். கொஞ்ச நேரத்தில் முதல் நிலைக்கே திரும்பி வரும், இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் இன்னொன்று அதே நிலைக்கு வரும், அப்போது விட்ட இடத்திலிருந்து இரண்டு கோடு கூட்டிக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்தில் பக்கம் நிறைந்துவிடும், எதுவுமே முழுசாக இருக்காது.

இதில் கிடைக்கிற லாபம், எந்த நிலை எத்தனை தடவை திரும்பி வருகிறது என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு மரத்தில் ஒரு மஞ்சள் மூக்கு நாரை குச்சியோடு வந்து இறங்கும், மற்றொன்று எழுந்து இடம் விடும், குச்சியை வைத்ததும் இரண்டும் தலையைக் குனிந்து அலகை ஆட்டும். அதே வரிசை, மாறவே இல்லை. நாங்கள் வரைய வேண்டியது அடுத்து என்ன என்று முன்கூட்டியே தெரிந்து பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

முழுப் பறவையை ஒருமுறையாவது வரைந்தாக வேண்டும் என்று அவள் பிடிவாதம். உறங்குகிற ஒன்றைப் பிடித்தாள். கால் வந்ததும் மாட்டிக்கொண்டாள். "சித்தி, இதுக்கு முட்டி பின்னாடி மடங்குது, அப்ப தொடை எங்க?" சரியான கேள்வி. பின்னால் மடங்குவதாகத் தெரிவது முட்டியே இல்லை, அது கணுக்கால். நாரை விரல்களின் மேல்தான் நிற்கிறது. உண்மையான முட்டி மேலே, இறகுக்குள்ளே மறைந்திருக்கிறது. இதைச் சொன்னதும் அவள் உடம்பின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி உள்ளே தொடை இருக்கிற மாதிரி வரைந்தாள், நாரை உடனே கனமாக உட்கார்ந்துவிட்டது. அதுவரைக்கும் குச்சியில் குத்திய பஞ்சு.

அவள் பக்கத்தின் அடியில் இன்னொரு கேள்வி: 'கால் ரோஸ் கலர்னு போட்டிருக்கு, இங்க ஏன் வெள்ளை?' பைனாகுலரில் நானும் பார்த்தேன், சிலவற்றுக்கு இளஞ்சிவப்பு, சிலவற்றுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. அங்கே வழிகாட்டுகிற அண்ணாச்சியிடம் கேட்டோம். சிரித்துக்கொண்டே, "அது தன் காலு மேலயே எச்சம் போட்டுக்கிடும் தாயி, சூடு தணிய" என்றார். உண்மைதான், நாரைகளுக்குப் பொதுவாகவே உள்ள பழக்கம். ஈரம் ஆவியாகும்போது காலில் ஓடும் ரத்தம் குளிர்கிறது. அக்கா மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே அதை அப்படியே பட்டையில் எழுதினாள்.

தண்ணீருக்குள் நத்தை குத்தி நாரை ஒன்று. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், அதன் வழியாக அந்தப் பக்கத்துத் தண்ணீர் தெரிகிறது. அலகை வரையாமல் அந்த இடைவெளியை மட்டும் முதலில் வரையுங்கள், ஒரு மெல்லிய தட்டைப்பயறு வடிவம், அப்புறம் மேலும் கீழும் அலகு தானாக வந்துவிடும். பொருளைவிட்டு அதற்கு நடுவிலுள்ள காலி இடத்தை வரைவது கிளைகளுக்கு நடுவே தெரியும் வானத்துக்கும் உதவும். காலி இடத்துக்கு நம் மனதில் தயார் வடிவம் எதுவும் இல்லை, அதனால் கண் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வரித்தலை வாத்துகள் தூரத்தில் இருந்தன, புள்ளிகளாக. இமயமலையைத் தாண்டி வந்தவை. புள்ளிகளாகவே போட்டேன்.

செவ்வாய், மாலை

கிருஷ்ணாபுரம். திருச்செந்தூர் ரோட்டில், வேங்கடாசலபதி கோயில், நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். பஸ்ஸிலேயே அக்கா மகள் போனில் எல்லாச் சிலையையும் பார்த்துவிட்டாள். குறவன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போவது, குறத்தி இளவரசனைத் தோளில் வைத்திருப்பது, ரதி, மன்மதன், அர்ச்சுனன், கர்ணன். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிட்டு அப்புறம் உட்காரலாம் என்றாள்.

எடுக்கட்டும் என்றுதான் விட்டேன், ஆனால் ஒரு விஷயம் சொன்னேன். லிண்டா ஹென்கெல் என்கிற அமெரிக்க உளவியலாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆட்களை ஒரு அருங்காட்சியகத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், சில பொருட்களைப் போட்டோ எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார்கள். மறுநாள் கேட்டபோது போட்டோ எடுத்தவைதான் குறைவாக ஞாபகத்தில் இருந்தன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் கிட்டே இழுத்து எடுத்தபோது அந்தக் குறை வரவில்லை. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது பாதிதான், ஏனென்றால் போட்டோதான் பிரச்சினை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. மொத்தத்தையும் ஒரே கிளிக்கில் முடித்துக்கொள்வதில்தான் கோளாறு. வரைவதிலும் அதே ஆபத்து இருக்கிறது. இந்த மண்டபத்தை முழுக்க வரைய உட்கார்ந்தால் மேலோட்டமான ஒரு மண்டபம்தான் வரும்.

அதனால் ஆளுக்கு ஒரு கை என்று முடிவு செய்தோம். சிலையின் கை மட்டும். நான் நாகாஸ்திரம் பிடித்திருக்கும் கர்ணனிடம் போனேன், அவள் குறத்தியிடம்.

முதலில் தாளைப் பார்க்காமல் ஒரு கோடு. கண் சிலையின் மணிக்கட்டில் தொடங்கி, எறும்பு ஊர்கிற வேகத்தில் ஓரத்திலேயே நகர வேண்டும், பென்சிலும் அதே வேகத்தில் தாளில் நகர வேண்டும், தாளைக் குனிந்து பார்க்கக் கூடாது. முடிந்ததும் பார்த்தால் கை மாதிரியே இருக்காது, விரல் ஒன்று வெளியே போயிருக்கும், தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேர்ந்திருக்காது. அதைக் குறையாக எண்ண வேண்டாம், பயிற்சியே அதுதான். அடுத்து அதே கையைப் பார்த்து வரையும்போது வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரிந்தது நகம். கல்லில் நகத்தின் ஓரம் சதையிலிருந்து பிரிந்து தெரிகிறது, நகத்துக்குக் கீழே விரல்நுனி லேசாகப் புடைத்திருக்கிறது, பிடித்ததில் அழுத்தம் விழுந்த மாதிரி. மேலே புறங்கையில் நரம்பு. எல்லா நரம்பும் நேராக ஓடவில்லை, முட்டியைத் தாண்டும்போது ஒன்று வழுக்கி விலகிப் போகிறது. என் கையை நீட்டி முறுக்கிப் பார்த்தேன், அதே இடத்தில் அதே மாதிரி விலகுகிறது.

மண்டபத்துக்குள் வெளிச்சம் பக்கவாட்டில் வருவது நல்லது. நேரே முகத்தில் அடிக்கிற வெளிச்சத்தில் செதுக்கல் தட்டையாகிவிடும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் சின்ன விவரம் எல்லாம் போய் வெளிச்சம், இருட்டு என்று இரண்டே பாகமாகத் தெரியும், அந்த எல்லையை மட்டும் முதலில் போட்டுக்கொண்டேன். டூரிஸ்ட் பஸ்ஸில் வந்த ஒரு குடும்பம் கொஞ்ச நேரம் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அவர்கள் போனபிறகு பார்த்தால் எல்லை ஒரு விரல்கடை நகர்ந்திருக்கிறது, சனிக்கிழமைச் சட்டப்படி மாற்றவில்லை.

ஒரு வயசான அம்மா தூணில் சாய்ந்துகொண்டு என் நோட்டை எட்டிப் பார்த்தார். "மூஞ்சிய வரையாம கைய வரையுதிய?" என்றார். "கைதான் நல்லாருக்கு ஆச்சி" என்றேன். சிலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமா, நெகமெல்லாம் வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் பேரனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அக்கா மகள் போட்டோ எடுப்பதைப் பாதியிலேயே மறந்துவிட்டாள். அவள் பக்கத்தில் குறத்தியின் கை ஒன்று, இளவரசனின் கால் பாதி, ஓரப் பட்டையில் நெருக்கமாக எழுத்து, அடியில் மூன்று கேள்வி. மூன்றாவதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை, தோளில் அவ்வளவு கனம் இருக்கும்போது குறத்தியின் இடுப்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது கேள்வி. மண்டபத்திலேயே அவளை முதுகில் தூக்கிப் பார்த்தேன், காவலாளி வந்து என்னம்மா இது என்றார்.

"சித்தி, நாளைக்கு ரயில் ராத்திரிதானே?"

"ஆமா."

"அப்ப காலையில குறவன்கிட்ட வரலாம். அவனும் ஆளைத் தூக்கிட்டுத்தான் நிக்கான், அவன் இடுப்பு எப்படி இருக்குன்னு பாக்கணும்."

அக்காவுக்குப் போன் போட்டு நவதிருப்பதி இந்தத் தடவை இல்லை என்று சொல்லிவிட்டேன்.